மேசைக்குப் பால் எங்கிருந்து வருகிறது?

"மேசை பெரியது" என்று சொல்லத் தமிழில் இரண்டு சொல் போதும். இதையே பிரெஞ்சில் "லா தாப்ல் ஏ க்ராந்த்" என்பார்கள். 'தாப்ல்' என்றால் மேசை. அதற்கு முன்னால் நிற்கும் 'லா' பெண்பாலுக்கு உரிய சொல். கடைசியில் வரும் 'க்ராந்த்', 'பெரிய' என்பதன் பெண்பால் வடிவம். அடுத்த வாக்கியத்தில் அதே மேசையைப் பெயர் சொல்லாமல் சுட்ட வேண்டுமானால் 'எல்' என்பார்கள். ஒரு பெண்ணைச் சுட்டுவதற்கும் அவர்களிடம் இருப்பது அதே 'எல்' தான். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறையத்தான் எழுத முடியும். இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

என் அக்கா மகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தபோது, வந்த மறுநாளே கேட்டாள்: "மாமா, மேசையில அப்படி என்னத்தப் பார்த்து அதப் பொம்பளன்னு முடிவு பண்ணாங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், கூடவே ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வளர்கிறார்கள். மூன்றில் எதுவும் மேசையை ஆண் என்றோ பெண் என்றோ பிரிப்பதில்லை. மலாயில் "மேஜா இத்து பெசார்" என்றால் முடிந்தது. ஆளைச் சுட்டும்போதுகூட அவன், அவள் இரண்டுக்கும் ஒரே 'டியா' தான். ஆகவே நான்காவதாக வரும் பிரெஞ்சில் 'பெண்பால்' என்ற சொல்லைக் கேட்டவுடன், அந்த மேசையிடம் ஏதோ பெண்மை இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். அந்தத் தேடல்தான் அவர்களைச் சுற்றிவிடுகிறது. ஏனென்றால் பிரெஞ்சில் பால் என்பது மேசையின் பண்பு இல்லை. 'தாப்ல்' என்ற சொல்லின் பண்பு. இதை விளங்கிக்கொள்ள நம்முடைய இலக்கணத்தையே முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். நமக்கு அது பழகிப்போனதால், அது என்ன வேலை செய்கிறது என்று நாம் கவனிப்பதே இல்லை.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை இந்தப் பிரிவோடுதான் தொடங்குகிறது: "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே." மக்கள் என்று கருதப்படுவோர் ஒரு பக்கம், அவர்கள் அல்லாத எல்லாம் இன்னொரு பக்கம். நன்னூல் எழுதிய பவணந்தியார் உயர்திணையில் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டு, "மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை" என்று முடிக்கிறார். உயிர் உள்ள மாடும் உயிர் இல்லாத மேசையும் ஒரே திணை. இந்தப் பிரிவுக்குக் கீழேதான் ஐந்து பால்கள் வருகின்றன. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால். அஃறிணையில் ஆண், பெண் என்ற கேள்வியே எழுவதில்லை. ஒன்றா பலவா என்பதோடு சரி. சேவல் ஆண் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் "சேவல் கூவியது" என்கிறோம். பசு பெண் என்று தெரிந்தும் "பசு வந்தது" என்கிறோம்.

இந்தத் திணை நம் வாக்கியத்தில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். பெரிய அண்ணன், பெரிய அக்கா, பெரிய மேசை: மூன்றிலும் 'பெரிய' மாறவில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் பெயரடை தமிழில் எந்தப் பாலையும் காட்டாது. 'லா' போல முன்னால் ஒட்டிக்கொள்ளும் சொல்லும் நம்மிடம் கிடையாது. வாக்கியத்தின் முடிவுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளிப்படும். அவன் பெரியவன், அவள் பெரியவள், அவர் பெரியவர், அது பெரியது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. "மேசை பெரியது" என்பதில் அந்தக் கடைசி 'து' ஒன்றுதான் மேசையின் திணையையும் பாலையும் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இது வினைமுடிவோடு நிற்பதும் இல்லை. கடையில் "மேசை வாங்கினேன்" என்று வேற்றுமை உருபு இல்லாமல் சொல்லலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது "அந்த மேசையை வாங்கினேன்" என்போம். ஆனால் "அண்ணன் பார்த்தேன்" என்று சொல்லவே முடியாது. "அண்ணனைப் பார்த்தேன்" என்று 'ஐ' வந்தே ஆக வேண்டும். "பணம் மேசையில் இருக்கிறது" என்போம். ஆளென்றால் "பணம் கிராணியிடம் இருக்கிறது", பேச்சில் "கிராணிகிட்ட இருக்கு". இங்கே கோடு கொஞ்சம் நகர்ந்து விழுவதையும் கவனிக்க வேண்டும். "நாயிடம் போகாதே" என்றும் நாம் சொல்வதால், 'இடம்' என்ற உருபு மனிதரோடு நிற்காமல் உயிருள்ளவை வரை போகிறது. எண்ணும்போதும் அப்படித்தான்: இரண்டு மேசை, ஆனால் ஆட்கள் இருவர், மூவர்.

மலேசியப் பிள்ளைகளுக்கு இதை விளக்க மலாய் ஒரு நல்ல கைப்பிடி. மலாயில் எந்த வினையும் பால் காட்டாது, ஆனால் எண்ணும்போது திணை மாதிரி ஒன்று வெளியே வரும். இரண்டு ஆசிரியர் என்றால் 'டுவா ஓராங் குரு', இரண்டு கோழி என்றால் 'டுவா ஏக்கோர் ஆயாம்', இரண்டு மேசை என்றால் 'டுவா புவா மேஜா'. ஆளுக்கு ஓராங், விலங்குக்கு ஏக்கோர், இப்படிப்பட்ட பொருளுக்குப் புவா. தமிழும் மலாயும் எந்த உறவும் இல்லாத மொழிக் குடும்பங்கள். இருந்தாலும் இரண்டும் பொருளைப் பார்த்துத்தான் வகை பிரிக்கின்றன. அது ஆளா, உயிரா, வெறும் பொருளா என்று தெரிந்தால் போதும், சொல் புதிதாக இருந்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

பிரெஞ்சு இந்த வழியில் போவதில்லை. அது எப்படிப் போகிறது என்பதை எங்கள் வீட்டு மேசை ஒன்றை வைத்தே காட்டலாம். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில், பழைய ஆபீசிலிருந்த சாமான்களைக் கழித்துவிட்டார்கள். அப்போது அப்பா வாங்கி வந்தது. சம்பள நாளில் கிராணி உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துக் காசு எண்ணிக் கொடுத்த மேசை. வலப்பக்கம் மூன்று லாச்சி, மேற்பலகையில் மை ஊறிய கறை. அம்மா அதில்தான் காய் நறுக்குவார், பிள்ளைகள் அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். வீட்டில் எல்லாரும் அதை 'ஆபீஸ் மேசை' என்றே சொல்வோம். சாப்பிட்டாலும் எழுதினாலும் அதற்குத் தமிழில் ஒரே 'அது'.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால், கால் நான்கும் மேலே பலகையும் இருப்பதால் 'தாப்ல்' என்று சொல்லலாம். லாச்சி வைத்த எழுது மேசையாக நினைத்தால் 'ப்யூரோ' என்று சொல்லலாம். முதல் பெயர் பெண்பால், இரண்டாவது ஆண்பால். பொதுவாகத் தட்டுமுட்டுச் சாமான் என்ற பொருளில் 'மெப்ல்' என்றாலும் ஆண்பால்தான். ஆக ஒரே மேசை, கறையும் லாச்சியும் மாறாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைக் கூப்பிடும் பெயர் மாறியவுடன் பால் மாறிவிடுகிறது. வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "நான் வாங்கிய பழைய மேசை உடைந்துவிட்டது" என்பதை 'தாப்ல்' வைத்துச் சொன்னால்:

லா வியேய் தாப்ல் கு ஜே ஆஷ்தே ஏ காஸே.

'ப்யூரோ' வைத்துச் சொன்னால்:

லு வியூ ப்யூரோ கு ஜே ஆஷ்தே ஏ காஸே.

'லா' இருந்த இடத்தில் 'லு' வந்துவிட்டது. 'பழைய' என்பது 'வியேய்' ஆக இருந்தது, இப்போது 'வியூ'. வாங்கிய என்று பொருள்படும் 'ஆஷ்தே', உடைந்த என்று பொருள்படும் 'காஸே' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் எழுதும்போது முதல் வாக்கியத்தில் இரண்டின் கடைசியிலும் ஒலிக்காத ஓர் எழுத்தைக் கூடுதலாக எழுத வேண்டும், இரண்டாவது வாக்கியத்தில் எழுதக் கூடாது. அதாவது மேசையின் பால் ஒரே வாக்கியத்தில் நான்கு இடத்தில் பதிகிறது; அதில் இரண்டு காதுக்குத் தெரியும், இரண்டு கண்ணுக்கு மட்டும் தெரியும். நம் வாக்கியத்தில் அந்த வேலை முழுவதையும் 'உடைந்துவிட்டது' என்பதன் கடைசி 'து' தனியாகச் செய்தது. ஒலிக்காத அந்த எழுத்தை விட்டுவிட்டுப் பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே மதிப்பெண் இழக்கிறார்கள் என்றால், நம் பிள்ளைகள் அதில் தடுமாறுவதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டியதில்லை.

பெயரைச் சொல்லவே இல்லை என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் இந்த மேசையைத் தூக்கி லாரியில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் யாரும் வாய் திறந்து அதன் பெயரைச் சொல்லவில்லை. ஒருவர் "இது உள்ளே போகாது" என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் மனதில் 'தாப்ல்' இருந்தால் 'எல்' என்பார்; 'ப்யூரோ' இருந்தால் 'இல்' என்பார். பேசப்படாத பெயர்கூடச் சுட்டுச்சொல்லின் பாலைத் தீர்மானிக்கிறது. நாம் அந்த இடத்தில் பொருளை மட்டும் பார்த்து 'இது' என்று சொல்லிவிடுவோம். அதற்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று யோசிக்கவே தேவையில்லை.

சரி, 'தாப்ல்' பெண்பாலாகவும் 'ப்யூரோ' ஆண்பாலாகவும் ஆனது எப்படி? முதலாவதற்குக் காரணம் பரம்பரை. லத்தீனில் பலகையைக் குறித்த 'தாபுலா' பெண்பால் சொல். அதன் வழியில் வந்த 'தாப்ல்' அந்தப் பாலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 'ப்யூரோ' கதை வேறு. 'ப்யூர்' என்பது ஒரு முரட்டுக் கம்பளித் துணி. அந்தச் சொல் பெண்பால். அதோடு ஒரு பின்னொட்டு சேர்ந்து 'ப்யூரோ' ஆனது. அந்தப் பின்னொட்டில் முடியும் சொற்கள் ஆண்பால் என்பது பிரெஞ்சின் வழக்கம், அதனால் இதுவும் ஆண்பால் ஆயிற்று. முதலில் அது மேசைமேல் விரித்த துணியைக் குறித்தது, பிறகு அந்த மேசையை, பிறகு மேசை இருந்த அறையை, கடைசியில் அலுவலகத்தையே குறித்தது. துணியிலிருந்து அலுவலகம் வரை பொருள் இவ்வளவு மாறியும் பால் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அது சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. இதனால்தான் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு முடிவைப் பார்த்து ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஓரளவுதான். 'தாப்ல்' பெண்பால் என்று மனப்பாடம் செய்தவர், அதே போல முடியும் 'கார்தாப்ல்' என்ற பள்ளிப் பையைப் பார்த்து அதையும் பெண்பால் என்று எழுதுவார். அது ஆண்பால்.

லத்தீனில் ஆண், பெண் தவிர மூன்றாவதாக ஒன்று இருந்தது: இரண்டும் இல்லாத பால். பிரெஞ்சில் அது அழிந்துபோனது. அதிலிருந்த சொற்கள் பெரும்பாலும் ஆண்பாலுக்குப் போயின, சில பெண்பாலுக்குப் போயின. அலமாரியைக் குறித்த லத்தீன் சொல் அப்படிப்பட்டது. போர்த்துக்கீசியத்தில் அது ஆண்பாலாயிற்று. பிரெஞ்சில் 'ஆர்முவார்' என்று பெண்பாலாயிற்று. ஒரே தாய்ச்சொல், ஒரே சாமான், இரண்டு மொழியில் இரண்டு பால். அலமாரிக்குள் ஆண்மையோ பெண்மையோ இருந்தால் இப்படி நடந்திருக்க வழியில்லை.

இந்தச் சாமான்கள் தமிழுக்கு வந்த கதையும் அழகானது. 'மேசை', 'அலமாரி' இரண்டையும் நாம் போர்த்துக்கீசியரிடமிருந்து எடுத்தோம். அவர்களிடம் 'மேசா' பெண்பால், 'அர்மாரியு' ஆண்பால். இரண்டும் கப்பலிலிருந்து இறங்கித் தமிழுக்குள் நுழைந்ததும் 'அது' என்ற ஒரே வரிசையில் நின்றுவிட்டன. மேசை ஐகாரத்தில் முடிகிறது, அலமாரி இகரத்தில் முடிகிறது என்பதெல்லாம் தமிழ் பார்ப்பதில்லை. நங்கையும் ஐகாரத்தில்தான் முடிகிறாள், தம்பியும் இகரத்தில்தான் முடிகிறான். அந்தப் 'ப்யூரோ' கூட ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போய்ப் 'பீரோ' ஆகி, இரும்பு அலமாரியைக் குறிக்கிறது. அதுவும் அஃறிணைதான்.

எதிர்த்திசையில் போன சொற்களுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. நம் கட்டுமரம் பிரெஞ்சில் 'காத்தாமாரான்' ஆகி ஆண்பாலாயிற்று. மாங்காயிலிருந்து கிளம்பிப் போர்த்துக்கீசியம் வழியாகப் போன 'மாங்க்' பெண்பாலாயிற்று. அதன் மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாங்கியே', அது ஆண்பால். உள்ளே வருகிற எந்தப் பெயரும் இரண்டில் ஒரு கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்பது பிரெஞ்சின் ஏற்பாடு. வெளியே காத்திருக்க இடமில்லை.

மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் 1958இல் பாலை வரையறுத்தபோது ஆண், பெண் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்க, அந்தப் பிரிவு கூட வரும் மற்றச் சொற்களின் நடத்தையில் தெரிந்தால் அதுதான் பால் என்றார். இந்தக் கண்ணோட்டத்தில் தமிழும் பிரெஞ்சும் பால் உள்ள மொழிகள்தாம். ஒன்றில் வகுப்பைப் பொருள் தருகிறது, மற்றொன்றில் பெரும்பாலும் சொல் தருகிறது. "அப்படின்னா நம்ம மேசைக்கும் பால் இருக்கு, மாமா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறது, ஒன்றன்பால். அதை நம் இலக்கணம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது.

சொல்தான் முடிவு செய்கிறது என்பதற்குப் பிரெஞ்சில் மேசையைவிட அழுத்தமான சாட்சி மனிதரைக் குறிக்கும் சில சொற்கள். வாசலில் நிற்கும் காவல்காரரைக் குறிக்கும் 'சாந்தினெல்' பெண்பால். மீசை வைத்த சிப்பாயாக இருந்தாலும் 'லா சாந்தினெல்' தான். 'ஆள்' என்று பொருள்படும் 'பெர்சோன்' பெண்பால். 'பாதிக்கப்பட்டவர்' என்ற 'விக்திம்' பெண்பால். உடை அணிந்து காட்டும் விளம்பர அழகியைக் குறிக்கும் 'மானகேன்' ஆண்பால். பெரும்பாலான மனிதப் பெயர்களில் ஆணுக்கு ஆண்பாலும் பெண்ணுக்குப் பெண்பாலும் சரியாக அமைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் இந்த மாதிரிச் சொற்களில் ஆள் யாராக இருந்தாலும் சொல் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழில் இது தலைகீழ். சொல் விட்டுக்கொடுக்கும், பேசுகிறவரின் மனம் ஆளும். குழந்தை மனிதர்தானே, ஆனாலும் "குழந்தை அழுதது" என்கிறோம். கொஞ்சம் வளர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியதும் "அழுதாள்" ஆகிவிடுகிறது. தொல்காப்பியமே அரசு, மகவு, குழவி போன்ற சொற்களைப் பட்டியலிட்டு, இவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிவு ஏற்கும் என்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரே நாளில் "சாமி வந்திருச்சி", "சாமி வந்துட்டாரு" இரண்டையும் கேட்கலாம். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், மகிழ்ச்சியினாலும் சினத்தினாலும் இழிவினாலும் திணையும் பாலும் மாறிவந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. வீட்டுப் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. பசுவுக்கு ஆள் முடிவு கொடுப்பதில் அன்பு தெரிகிறது. அதே கருவியைத் திருப்பிப் பிடித்து ஒரு மனிதரை "அது வந்துச்சா?" என்று கேட்டால், கேட்கிறவருக்கு உடனே சுருக்கென்று தைக்கும். இலக்கண முடிவு ஒன்றை மாற்றுவதாலேயே மரியாதை போய்விடுகிறது. பிரெஞ்சில் 'தாப்ல்' முன்னால் 'லு' போட்டால் மேசைமேல் அன்போ கோபமோ தெரியாது. பேசுகிறவருக்கு மொழி சரியாக வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

மேசைக்குப் பால் வைப்பதால் பயன் ஏதாவது உண்டா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. மரத்தடியில் ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் கிடக்கின்றன, அது உடைந்திருக்கிறது. எது உடைந்திருக்கிறது? தமிழில் தெரியாது. "மேசைதான் உடைந்திருக்கிறது" என்று பெயரைத் திரும்பச் சொல்லித்தான் தீர்க்க முடியும். பிரெஞ்சில் மேசை பெண்பால், 'பான்' என்ற பெஞ்சு ஆண்பால். 'எல்' என்றால் மேசை, 'இல்' என்றால் பெஞ்சு. ஒரு சிறு சொல்லிலேயே தெளிந்துவிடும். ஆனால் பெஞ்சுக்குப் பதில் நாற்காலி இருந்தால், 'ஷேஸ்' என்ற அதுவும் பெண்பால் என்பதால் பிரெஞ்சும் நம்மைப் போலவே நின்றுவிடும்.

இப்போது வேறொரு வாக்கியம். பக்கத்து வீட்டு அம்மா மேசையைத் துடைக்கிறார். அடுத்து பிரெஞ்சில் "எல் ஏ வியேய்" என்று வந்தால், பழையது மேசையா, வயதானவர் அந்த அம்மாவா? இரண்டும் 'எல்' தான். முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் "அது பழையது", "அவர் வயதானவர்" என்று சுட்டும் பிரியும், முடிவும் பிரியும், அடைச்சொல்லே வேறாகிவிடும். ஆளையும் பொருளையும் தமிழ் பொதுவாகக் குழப்பாது, பொருளையும் பொருளையும் குழப்பலாம். பிரெஞ்சில் இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக விழுகிறது. மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. நான் பார்த்த மாணவர் கட்டுரைகளில் 'எல்' வந்த இடமெல்லாம் 'அவள்' என்று எழுதி, மேசையையும் கதவையும் பெண்ணாக நடக்க வைத்தவை நிறைய உண்டு. முன் வாக்கியத்துக்குத் திரும்பிப்போய் அந்த 'எல்' எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் 'அது'வா 'அவள்'ஆ என்று எழுத வேண்டும்.

தமிழ் பேசுகிறவர்கள் பிரெஞ்சில் செய்யும் பிழைகளும் இதே வேரிலிருந்துதான் முளைக்கின்றன. பொதுவாக இரண்டு பிழை வரும். ஒன்று, எல்லாப் பொருளுக்கும் 'இல்' போடுவது. நம் 'அது'வுக்கு நிகரான ஒன்றைத் தேடி, ஆண்பாலைப் பொதுப்பால் போல எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. 'செ' என்று தொடங்கும் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். "செ க்ரான்" என்றால் "பெரிதாக இருக்கிறது" என்ற பொதுப் பேச்சு. அதில் பால் தேவைப்படாது. பெயர் வைக்காத ஒன்றையோ, முழு நிலைமையையோ சுட்ட அது சரியான சொல். ஆனால் குறிப்பிட்ட அந்த மேசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது "எல் ஏ க்ராந்த்" வர வேண்டிய இடத்தில் "செ க்ரான்" வந்தால், ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்: இந்தப் பிள்ளைக்கு மேசையின் பால் தெரியாது. ஒரு பக்கக் கட்டுரையில் 'இல்', 'எல்' இரண்டும் அபூர்வமாகி 'செ' மட்டும் பெருகியிருந்தால், பால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று பொருள்.

படிக்கும் முறையில் ஒரு சிறு மாற்றம் இதற்குப் பெரிதும் உதவும். 'தாப்ல் என்றால் மேசை' என்று பெயரை மட்டும் எழுதி வைத்தால் பாதிச் சொல்லைத்தான் எழுதியதாக ஆகும். 'லா', 'லு' சேர்த்து எழுதினாலும் சில இடங்களில் போதாது. உயிரொலியில் தொடங்கும் பெயருக்கு முன்னால் இரண்டுமே 'ல்' என்று சுருங்கிவிடும். 'லார்முவார்' என்று எழுதி வைத்தால் அலமாரியின் பால் மறைந்துவிடுகிறது. அதனால் 'ஒரு' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து, பெண்பாலுக்கு 'யூன்', ஆண்பாலுக்கு 'அன்' என்று எழுத வேண்டும். கூடவே பால் காதில் கேட்கும் ஓர் அடைச்சொல்லையும் வைத்துக்கொள்வது நல்லது: 'யூன் க்ராந்த் தாப்ல்', 'அன் க்ரான் ப்யூரோ', 'யூன் க்ராந்த் ஆர்முவார்'. உரக்கச் சொன்னால் 'க்ராந்த்' என்பதில் வரும் அந்த 'த்' ஒலி நினைவில் தங்கும். கேள்விக்குறியோடு மேசையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிரெஞ்சு பேசுகிறவர் தமிழ் படிக்க வந்தால் அவருக்கு மேசை ஒரு நாளில் பிடிபட்டுவிடும். எல்லாப் பொருளும் 'அது' என்றால் அவருக்கு நிம்மதிதான். அவர் தடுக்கி விழும் இடம் வேறு. நாயை "அவன் வந்தான்" என்பார். "கிராணியில் பணம் இருக்கிறது" என்று எழுதுவார். "அண்ணன் பார்த்தேன்" என்பார். பொருளின் பால் அவருக்குக் கைவந்தது. ஆளுக்கும் ஆள் அல்லாததற்கும் நடுவே தமிழ் வாக்கியம் முழுவதும் ஓடும் கோட்டைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்கு மாதங்கள் ஆகும்.